ஜிடியில் எதற்கு மார்க் போடுகிறார்கள்?

"கேம்பஸ் ஜிடியில் நான்தான் முதலில் ஆரம்பித்தேன், அதிகம் பேசியதும் நான்தான். ஆனால் என்னை எடுக்கவில்லை. மூன்று முறை மட்டும் வாயைத் திறந்த பெண் தேர்வாகிவிட்டாள். எதை வைத்து மார்க் போடுகிறார்கள்?"

கேம்பஸ் தேர்வுகளில் ஜிடி என்கிற குழு விவாதத்துக்கு மார்க் போடும் பேனலில் சில வருடங்கள் உட்கார்ந்திருக்கிறேன். நாங்கள் போட்ட விதத்தைச் சொல்கிறேன்.

என் கையில் இருந்த தாளில் வட்டமாகப் பத்து நாற்காலிகள், அவற்றில் எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே கருத்து, கேட்கும் திறன், தலைமை, பேச்சு என்று கட்டங்கள். ஒருவர் பேசும்போதெல்லாம் ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் விழும், அல்லது மைனஸ் விழும், இல்லாவிட்டால் ஒன்றுமே விழாது. அதிகம் பேசியவர்களுக்குப் பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான் நடக்கும்.

ஒரு ஜிடியை அப்படியே சொல்கிறேன். தலைப்பு, கல்லூரியில் 75 சதவீத வருகைப்பதிவு தேவையா என்பது. பத்துப் பேர், 15 நிமிடம். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான், இங்கே தமிழில் தருகிறேன்.

நான்காம் எண் ஆரம்பித்தான்: "லேப் வகுப்புக்கு வராமல் யாரும் கற்றுக்கொள்ள முடியாது." நல்ல பாயிண்ட், கருத்தில் ஒரு டிக். இரண்டாம் எண் பெண், "பார்ட் டைம் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கு..." என்று தொடங்கினாள். ஏழாம் எண் குறுக்கே புகுந்தான்: "அப்படியானால் ஒழுக்கமே வேண்டாம் என்கிறீர்களா?" அவள் அப்படிச் சொல்லவே இல்லை. கேட்கும் திறனில் மைனஸ். அதற்கப்புறம் அவன் ஆறு முறை பேசினான். ஆறும் ஒழுக்கம்தான், உதாரணம் மட்டும் மாறியது. கருத்தில் முதல் முறை விழுந்த டிக்கோடு சரி.

ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் இருந்த ஒன்பதாம் எண் பெண், சத்தம் கொஞ்சம் தணிந்ததும் பேசினாள். "இரண்டாம் எண் வேலை பார்க்கிறவர்களைப் பற்றி ஏதோ சொல்ல வந்தார், முடிக்கவில்லை. நான்காம் எண் லேபைச் சொன்னார். லேபுக்கு வருகையைக் கட்டாயமாக்கி, தியரிக்கு மட்டும் தளர்த்தினால் வேலை பார்க்கிறவர்களுக்கு உதவுமா? நீங்கள் சொல்லுங்கள்" என்று இரண்டாம் எண்ணின் பக்கம் திரும்பினாள். பேசியது இருபது விநாடிதான். அறுந்துபோன பேச்சை நினைவில் வைத்திருந்ததற்குக் கேட்கும் திறனில் ஒரு டிக். லேபையும் தியரியையும் பிரித்தது அதுவரை யாரும் சொல்லாதது, அதற்குக் கருத்தில் ஒன்று. வாய்ப்பிழந்தவளை மறுபடி உள்ளே கொண்டுவந்ததற்குத் தலைமையில் ஒன்று.

கேட்கும் திறனை எப்படி அளப்பது என்று பலரும் கேட்பார்கள். நீங்கள் தலையாட்டுவதைப் பார்த்து இல்லை. தலையாட்டுவது எல்லோருக்கும் வரும். நீங்கள் அடுத்துப் பேசும்போது முன்னால் பேசியவரின் கருத்து திரியாமல் அதில் வருகிறதா என்றுதான் பார்ப்போம். "நல்ல பாயிண்ட், ஆனால்..." என்று சொல்லிவிட்டுச் சம்பந்தமில்லாமல் சொந்தக் கதைக்குப் போகிறவர்கள் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள்.

முதலில் ஆரம்பிப்பதைப் பொறுத்தவரை, தலைப்பின் எல்லையை வகுத்துக் கொடுத்தால்தான் அது தலைமை. வெறும் "குட் மார்னிங் பிரெண்ட்ஸ்" என்றால் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். புதிதில் நானும் ஆரம்பித்தவனுக்கு அள்ளிப் போட்டிருக்கிறேன். பக்கத்தில் இருந்த சீனியர், "அவன் சொன்னதில் ஒரு வரி சொல்லுங்கள்" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

கணக்கும் போட்டுப் பாருங்கள். பத்துப் பேருக்கு 15 நிமிடம் என்றால் ஆளுக்கு ஒன்றரை நிமிடம். இருபது, இருபத்தைந்து விநாடியாக மூன்று நான்கு முறை பேசினால் உங்கள் பங்கு முடிந்தது. அதற்கு மேல் எடுப்பது இன்னொருவருடைய நேரம். சந்தைக்கடை மாதிரி இரைச்சலானால் குரலை உயர்த்த வேண்டாம். பேசுகிறவர் மூச்சு விடும் இடத்தில், அவர் கடைசியாகச் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு நுழையுங்கள். பேனாவை நீட்டிப் பேசுவது, பேனலைப் பார்த்துப் பேசுவது இரண்டும் வேண்டாம். நாங்கள் அங்கே இல்லாத மாதிரி குழுவைப் பார்த்துப் பேசுங்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தைக் குறைக்க மட்டும் ஜிடி வைக்கிற இடங்களும் உண்டு. அங்கே இந்தக் கட்டமெல்லாம் பார்க்க நேரமிருக்காது, ஆங்கிலம் தடங்கலில்லாமல் வருகிறதா என்பதோடு முடிந்துவிடும். உங்களுக்கு நடந்தது அதுவா என்று எனக்குத் தெரியாது.

அன்றைக்குக் கடைசியில் ஏழாம் எண்ணிடமே தொகுத்துச் சொல்லச் சொன்னோம். எதிர்த்தரப்பு சொன்னதில் ஒன்றுகூட வராமல், ஒழுக்கத்தை எட்டாவது முறையாகச் சொல்லி முடித்தான்.