நெருங்கியவர் யார்?

கேள்வி: பதினொரு பேர் வேலை செய்யும் சிறிய கணக்கு நிறுவனம் என்னுடையது. நெருங்கிய உறவினர் இறந்தால் மூன்று நாள் லீவு என்று ஊழியர் விதியில் எழுத நினைக்கிறேன். சரியாக இருக்குமா?
- வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: 'நெருங்கிய' என்ற சொல்லை முதலில் வெட்டுங்கள். அந்தச் சொல் இருக்கும்வரை, சாவு நடந்த அன்று ஒருவர் உங்கள் மேசைக்கு முன்னால் நின்று, செத்தவர் தனக்கு எவ்வளவு நெருக்கம் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக 'உடனடிக் குடும்பம்' என்று எழுதிவிடாதீர்கள். ஆங்கிலப் படிவத்திலிருந்து இறங்கிய அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய பகை. எங்கள் வீடுகளில் அம்மம்மாவும் சித்தப்பாவும் அதற்குள் அடங்கமாட்டார்கள்.

என்னை வளர்த்தது பெரியம்மா. அவர் இறந்தபோது நான் வேலை செய்த இடத்துப் பட்டியலில் தாய், தந்தை, மனைவி, பிள்ளை மட்டும்தான். மிச்சமிருந்த கஷுவல் லீவில் செத்த வீட்டை முடித்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கன்னியா வெந்நீரூற்றடியில் நடந்தது. தாய்க்கு இராவணன் கடன் செய்த இடம் என்று சொல்லிச் சொல்லி என்னை அங்கே கூட்டிப்போனவர் பெரியம்மாதான். அன்று எனக்கு லீவு இல்லை, அலுவலகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆகவே, பெற்றோர், துணை, பிள்ளை, சகோதரர், துணையின் பெற்றோர், அம்மம்மா அப்பம்மா தாத்தாமார் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். அதன் கீழே இந்த ஒரு வரி கட்டாயம் வேண்டும்: 'தன்னை வளர்த்தவர் என்றோ, தான் பராமரித்தவர் என்றோ ஊழியர் சொல்பவருக்கும் இந்த லீவு உண்டு.' 'வழங்கப்படலாம்' என்று எழுதாதீர்கள். அந்த 'லாம்' முடிவை முதலாளியின் மனநிலையிடம் கொடுத்துவிடுகிறது.

அடுத்தது நாள். 1954ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் கஷுவல் லீவும் தருகிறது. சாவுக்கென்று தனி நாள் அதில் இல்லை. அதனால் நீங்கள் எழுதும் வரிதான் உங்கள் ஊழியருக்கு உள்ள ஒரே பிடி. அந்த 14இலும் 7இலும் இந்த நாள்களைக் கழிக்கமாட்டோம் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

மூன்று நாள் என்கிறீர்கள். எந்த மூன்று? திங்கள் முதல் வெள்ளி வரை இயங்கும் அலுவலகம் என்று வையுங்கள். வெள்ளி இரவு சம்பூரில் ஒரு மரணம். நாட்காட்டி நாள் என்று எண்ணினால் சனி, ஞாயிறு, திங்களோடு லீவு முடிந்துவிடும், அதாவது நீங்கள் கொடுத்தது உண்மையில் ஒரே நாள். எட்டுச் செலவு வரும் வெள்ளி. முப்பத்தோராம் நாள் ஒரு ஞாயிறு, மறுநாள் காலையும் வீட்டில் ஆள் வேண்டும்.

இப்படி எழுதிப் பாருங்கள்: 'சம்பளத்தோடு ஐந்து வேலை நாள். ஒரேயடியாகவோ பிரித்தோ, மூன்று மாதத்துக்குள் எடுக்கலாம்.' மேலே சொன்ன சாவுக்கு அவர் திங்கள், செவ்வாய், புதன் மூன்றையும், எட்டுக்கு அந்த வெள்ளியையும், அந்தியேட்டிக்கு மறுநாள் திங்களையும் எடுப்பார். சமயத்துக்குச் சமயம் வேறு வேறு எண் வைக்காதீர்கள். நாற்பதாம் நாள் ஓதுபவரும், ஏழாம் நாள் தானம் கொடுக்கும் சிங்களச் சகோதரரும் அதே ஐந்தைத் தங்கள் வழக்கப்படி பிரித்துக்கொள்வார்கள்.

முஸ்லிம் வீடுகளில் ஜனாஸாவைத் தாமதிக்காமல் அடக்குவார்கள், பெரும்பாலும் அன்றைக்கே. படிவம் நிரப்ப நேரமேது? 'ஒரு தொலைபேசி அழைப்போ, சக ஊழியர் வழியாக ஒரு சொல்லோ போதும். படிவம் திரும்பி வந்தபிறகு' என்று சேருங்கள்.

மரணச் சான்றிதழ் கேட்கலாமா என்று அடுத்த கடிதம் வரும் என்று தெரியும். கேட்காதீர்கள். பதினொரு பேர் உள்ள இடத்தில் யாராவது ஒருவர் செத்த வீட்டுக்குப் போகத்தான் போகிறார். நீங்களே போங்கள். பந்தலில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தவருக்கு அத்தாட்சிக் காகிதம் தேவைப்படாது. தூர ஊர் என்றால் மரண அறிவித்தல் போதும்.

ஐந்து நாளில் அடங்காத ஒன்று உண்டு. கணவனை இழந்த முஸ்லிம் பெண்ணுக்கு இத்தா நான்கு மாதமும் பத்து நாளும். கர்ப்பிணி என்றால் பிரசவம் வரை. அத்தனை நாளும் சம்பளம் கொடுக்க உங்களால் முடியாமல் போகலாம். ஆனால் வேலையைக் காத்து வைக்க முடியும். முதல் ஐந்து நாள் சம்பளத்தோடு. பிறகு அவர் விரும்பினால் வருடாந்த லீவு. மிச்சம் சம்பளமில்லாத லீவு, அல்லது அவர் சம்மதித்தால் பேரேட்டு வேலை வீட்டுக்கு. திரும்பி வரும்போது அதே மேசை, அதே சம்பளம். இதை அவர் வந்து கேட்கும்வரை காத்திருக்காமல் இப்போதே விதியில் எழுதி வையுங்கள்.