போட்டோவில் 13.4 ஓவர் என்றால் 82 பந்து

"கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊர் டீம் 20 ஓவர் மேட்ச் ஆடுகிறது. நான் டீ ஃபேக்டரியில் ஷிப்டில் இருப்பேன். தம்பி ஸ்கோர் புக்கை போட்டோ எடுத்து அனுப்புவான். எதிரணி 157. நாங்கள் 13.4 ஓவரில் 4 விக்கெட்டுக்கு 96. கால்குலேட்டரில் போட்டால் ரன் ரேட் 7.16, தேவை 9.24 வருகிறது. வாட்ஸ்அப் குரூப்பில் தேவை 9.79 என்கிறார்கள். எது சரி?"

குரூப்காரர்கள் சொன்னதுதான் சரி. உங்கள் கணக்கில் இரண்டு ஓட்டை இருக்கிறது.

பெரிய ஓட்டை அந்தப் புள்ளி. 13.4 என்பது 13 ஓவரும் 4 பந்தும். கால்குலேட்டருக்கு அது தெரியாது. பத்தில் நாலு பங்கு என்று எடுத்துக்கொள்ளும். ஓவருக்கு ஆறு பந்துதானே, பத்து இல்லையே. அதனால் ஓவரை மறந்துவிட்டுப் பந்தாக மாற்றுங்கள்: 13 × 6 = 78, அதோடு 4, மொத்தம் 82. எடுத்த ரன்னை 6 ஆல் பெருக்கிப் பந்தால் வகுத்தால் இப்போதைய ரேட்: 96 × 6 ÷ 82 = 7.02.

இரண்டாவது ஓட்டை 157. அது எதிரணி எடுத்தது. நீங்கள் ஜெயிக்க 158 வேண்டும். 158 – 96 = 62 ரன். மீதிப் பந்து 120 – 82 = 38. 62 × 6 ÷ 38 = 9.79. நீங்கள் 20இலிருந்து 13.4ஐக் கழித்து 6.6 ஓவர் என்று போட்டிருப்பீர்கள். 6.6 என்று ஓவரே கிடையாது. மீதி இருப்பது 6 ஓவர் 2 பந்து. இந்தத் தப்பு எப்போதும் விரட்டுகிற அணிக்குச் சாதகமாகவே காட்டும்.

சரி, அந்த 82ஐ எப்படி நம்புவது? பல மைதானங்களில் போர்டில் ரன் பலகையைப் பந்துக்குப் பந்து மாற்றுவார்கள், ஓவர் பலகையை ஓவர் முடிந்த பிறகுதான் தொடுவார்கள். நுழைவுக் கட்டணம் கறாராக வாங்கத் தெரிகிறது, ஒழுங்கான ஒரு ஸ்கோரரை உட்கார வைக்க மட்டும் யாருக்கும் மனம் வருவதில்லை. போர்டு போட்டோவை விடுங்கள், புக்கில் பவுலர் கட்டத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முடிந்த கட்டங்கள் 13. பதினாலாவது கட்டத்தில் புள்ளி, 1, கூட்டல் குறி, 4, புள்ளி என்று ஐந்து அடையாளம் இருந்தால், அது ஐந்து பந்து இல்லை. கூட்டல் குறி வைடு: ரன் சேரும், பந்து சேராது. வட்டம் போட்டால் நோ பால், அதற்கும் அதே கதை. பை, லெக் பை இரண்டிலும் பந்தும் சேரும், ரன்னும் சேரும். ஒரு வைடைப் பந்தாக எண்ணிவிட்டால் மீதி 37 ஆகி, தேவை 10.05 என்று குதிக்கும்.

போட்டோ மங்கலாகி 6ஆ, 8ஆ என்று சந்தேகம் வந்தால் பேட்ஸ்மேன்கள் ரன்னோடு எக்ஸ்ட்ராவைக் கூட்டுங்கள். 96 வரவில்லையென்றால் ஏதோ ஒரு எண்ணைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள்.

மலையில் ஒரே ஒரு விதிவிலக்கைக் கட்டாயம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்: மூடுபனி. பனி இறங்கி ஆட்டத்தை 16 ஓவராகக் குறைத்தால் 120 என்ற எண் செத்துவிட்டது, இனி 96 பந்துதான். மீதி 14. இலக்கு 158 அப்படியே நின்றால் 62 ரன்னுக்கு ஓவருக்கு 26.57 வேண்டும், அது நடக்காது, ஆகவே இலக்கும் மாறும். எப்படி மாறும் என்பது அந்தப் போட்டியின் விதியைப் பொறுத்தது. சராசரி முறை என்றால் 157 ÷ 20 × 16 = 125.6, ஆக 126 எடுக்க வேண்டும். 30 ரன், 14 பந்து, தேவை 12.86. டக்வொர்த் லூயிஸ் என்றால் விழுந்த விக்கெட்டும் கணக்கில் வரும், அட்டவணையோ கணினியோ இல்லாமல் போட முடியாது. அம்பயர் அறிவித்த புது இலக்கையும் ஓவரையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போர்டை நம்பாதீர்கள்: 1992 உலகக் கோப்பை அரையிறுதியில், சிட்னியில் மழைக்குப் பிறகு தென்னாப்பிரிக்காவுக்கு 1 பந்தில் 22 என்று போர்டு காட்டியது, உண்மையில் 21. அங்கேயே அப்படி!

குரூப்பில் போட்டோவோடு "தேவை 9 தான், ஈசி" என்று போட்டுப் பந்தயம் பிடிக்கும் தரகர்கள் நுழைவார்கள். மூன்று ஓவர் பழைய போட்டோவை இப்போதையது மாதிரி தள்ளிவிடுவது அவர்கள் வழக்கம். பணம் கேட்கிற ஆள் அனுப்பிய ரேட்டைத் தொடவே தொடாதீர்கள். தம்பியிடம் ஓவர் முடிந்ததும் புக் பக்கத்தை முழுசாக, மேலிருந்து நேராக எடுக்கச் சொல்லுங்கள். பந்து எண்ணுகிற வேலையே மிச்சம்: 14 ஓவர், 84 பந்து, மீதி 36.