தேடுபொறியும் பதினோராவது கட்டுரையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீட்டுச் சாதனங்களைப் பராமரிப்பது, பழுது பார்ப்பது பற்றி ஒரு தளம் நடத்துகிறேன். ஒவ்வொரு கட்டுரையையும் நானே உட்கார்ந்து எழுதுகிறேன். ஆனால் ஏஐயை வைத்து நாள்தோறும் கட்டுரைகளைக் கொட்டும் ஒரு தளம் கூகுள் தேடலில் எனக்கு மேலே வருகிறது. இயந்திரம் எழுதியதை அவ்வளவு பெரிய நிறுவனத்தால் கண்டுபிடிக்க முடியாதா? முடியுமென்றால் ஏன் ஒதுக்குவதில்லை? மனிதன் எழுதியதற்கு மதிப்பே இல்லையா?

ரமணன்

அன்புள்ள ரமணன்,

கண்டுபிடிப்பதில் இருந்தே தொடங்குகிறேன். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒரு கருவியை வெளியிட்டது. ஆங்கில உரைகளில் அவர்களே சோதித்துச் சொன்ன கணக்கு இது: இயந்திரம் எழுதியவற்றில் 26 சதவீதத்தை அது சரியாகப் பிடித்தது. மனிதர்கள் எழுதியவற்றில் 9 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்று தவறாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் கருவியை விலக்கிக்கொண்டார்கள்.

9 சதவீதம் என்றால் சின்னப் பிழைதானே என்று தோன்றும். போட்டுப் பாருங்கள். ஆயிரம் பக்கங்களை எடுத்துக்கொள்வோம். அதில் 700 மனிதர்கள் எழுதியவை, 300 இயந்திரம் எழுதியவை. கருவி பிடிக்கும் இயந்திரப் பக்கங்கள் 78. தவறாக மாட்டிக்கொள்ளும் மனிதப் பக்கங்கள் 63. ஆக மொத்தம் 141 பக்கங்களைக் கூகுள் ஒதுக்கியிருந்தால், அதில் கிட்டத்தட்ட பாதி உங்களைப் போன்றவர்கள் எழுதியது. 222 இயந்திரப் பக்கங்களோ சேதமில்லாமல் தப்பியிருக்கும். பிறகு வந்த கருவிகள் இதைவிடத் தேவலாம்தான். ஆனால் இணையத்தில் இருப்பது ஆயிரம் பக்கங்கள் இல்லை. தவறு ஒரு சதவீதமாகக் குறைந்தாலும், கோடிக்கணக்கான பக்கங்களில் அது எத்தனை பேரின் உழைப்பு என்று பாருங்கள். இயந்திர உரையில் நாலு சொல்லை மாற்றி, இரண்டு வாக்கியத்தை உடைத்தாலே பல கருவிகள் தடுமாறிவிடும் என்பது வேறு விஷயம்.

யார் மாட்டுகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023இல், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை அவை இயந்திரத்தின் கணக்கில் சேர்த்துவிட்டன. இந்தக் கருவிகளில் பல, அடுத்து வரும் சொல் எவ்வளவு எளிதில் ஊகிக்கத்தக்கது என்பதை வைத்தே முடிவெடுக்கின்றன. தெரிந்த சொற்களை வைத்து, எளிய வாக்கியத்தில், தெளிவாக எழுதுகிறவர்தான் முதலில் மாட்டுவார். பழுது பார்க்கும் குறிப்பை வேறு எப்படி எழுதுவது? நீங்கள் கேட்கும் தடை வந்தால் முதலில் அடிபடும் தளங்களில் உங்களுடையதும் இருக்கக்கூடும்.

சரி, பிழையே செய்யாத கருவி ஒன்று இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது தேடுபொறியின் பிரச்சினையைத் தீர்க்காது. வானிலை அறிக்கையையும் ஆட்ட ஸ்கோரையும் இயந்திரங்கள் பல காலமாகத் தொகுத்துத் தருகின்றன, யாருக்கும் அதில் குறையில்லை. மறுபக்கம், கூகுள் 2011 பிப்ரவரியில் பாண்டா என்ற பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தபோது அமெரிக்காவில் ஏறத்தாழ 12 சதவீதத் தேடல்களின் முடிவுகள் மாறின. அப்போது பெரும் அடி வாங்கிய தளங்களில் எழுதியவர்கள் மனிதர்கள். மக்கள் என்ன சொல்லைத் தேடுகிறார்கள் என்று பார்த்து, அந்தத் தலைப்பைச் சொற்பக் கூலிக்கு ஒருவரிடம் கொடுத்து, விஷயம் தெரியாமலே ஐந்நூறு சொல் எழுதி வாங்கிக் குவித்த தளங்கள் அவை. கையால் எழுதிய குப்பைதான் தேடுபொறிக்குப் பழைய தலைவலி. இயந்திரம் அதன் விலையைக் குறைத்தது, அவ்வளவே.

அதனால்தான் கூகுள் 2023 பிப்ரவரியில் வெளியிட்ட விளக்கத்தில், உள்ளடக்கம் எப்படி உருவானது என்பதைவிட அதன் தரத்தைப் பார்க்கிறோம் என்று எழுதியது. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஸ்பேம் விதிகளையும் திருத்தினார்கள். அதுவரை தானியங்கி முறையில் உருவாக்கிய ஸ்பேம் என்று தனி விதி இருந்தது. இப்போது அதன் இடத்தில், தேடல் வரிசையில் மேலே வருவதையே நோக்கமாகக் கொண்டு பயனற்ற பக்கங்களைப் பெருமளவில் குவிப்பது முறைகேடு என்று இருக்கிறது. குவிப்பது மனிதனா, இயந்திரமா, இருவரும் சேர்ந்தா என்பது அந்த விதிக்குப் பொருட்டே இல்லை. உங்கள் போட்டித் தளம் என்றாவது விழுந்தால் இந்த விதியில்தான் விழும். ஏஐ எழுதியது என்பதற்காக விழாது.

உங்கள் கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நீங்கள் உட்கார்ந்து எழுதியதற்குத் தனி மதிப்பெண் கிடையாது. அந்தப் பக்கத்தில் புதிதாக என்ன இருக்கிறது என்பதற்குத்தான் உண்டு. உங்கள் துறையிலேயே ஒன்றைப் பார்ப்போம். வாஷிங் மெஷினில் தண்ணீர் வெளியேறவில்லை என்று ஒருவர் தேடுகிறார். முதல் பத்துப் பக்கங்களும் ஒன்றையே சொல்கின்றன: ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள், குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள், சரியாகவில்லை என்றால் சர்வீஸ் சென்டரை அழையுங்கள். நீங்கள் அந்தப் பத்தையும் படித்துவிட்டு, உங்கள் சொந்த நடையில், பிழையில்லாத தமிழில் பதினோராவதை எழுதுகிறீர்கள். எழுதியது மனிதன்தான், ஆனால் உலகத்தில் ஏற்கெனவே இல்லாத எதுவும் அதில் இல்லை. அந்தப் பத்தையும் கலந்து இயந்திரம் எழுதும் பன்னிரண்டாவது பக்கத்துக்கும் அதற்கும் தேடுகிறவருக்கு என்ன வித்தியாசம்?

அதே தலைப்பில், மெஷினைக் கழற்றிப் பார்த்த ஒருவர் எழுதினால் வேறு மாதிரி வரும். வெளியேற்றும் நேரத்தில் மெஷினருகே காதை வைத்துக் கேளுங்கள் என்று தொடங்குவார். பம்ப் உறுமுகிறது, ஆனால் தண்ணீர் போகவில்லை என்றால் மோட்டாருக்கு மின்சாரம் வருகிறது. பம்பின் இறக்கையில் நாணயமோ ஹேர்பின்னோ சிக்கியிருக்கலாம், அல்லது குழாய் அடைத்திருக்கலாம். சத்தமே இல்லை என்றால் ஃபில்டரைத் திறந்து நேரத்தை வீணாக்க வேண்டாம், பம்போ அதற்குப் போகும் ஒயரோ போயிருக்க வாய்ப்பு அதிகம். முன்கதவு மெஷினில் ஃபில்டரைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, அகலமான தட்டை வைத்து, பக்கத்தில் சின்னக் குழாய் இருந்தால் அதன் வழியே முதலில் தண்ணீரை வடியுங்கள்; நேராகத் திருகினால் உள்ளே நிற்கும் தண்ணீர் முழுக்கத் தரையில்தான். தேடி வந்தவர் இதைப் படித்துவிட்டு எழுந்து போய் மெஷினைப் பார்ப்பார். திரும்பி வந்து இன்னொரு சுட்டியைச் சொடுக்க மாட்டார். கூகுள், தேடல் முடிவுகளின் தரத்தைப் பார்த்துச் சொல்ல அமர்த்தும் மதிப்பீட்டாளர்களுக்கான வழிகாட்டியில் 2022 டிசம்பரில் அனுபவம் என்ற அளவுகோலைச் சேர்த்தது இதற்காகத்தான். இந்தக் குறிப்புகளை அவர் ஏஐயிடம் சொல்லி, கோவையாக எழுதி வாங்கியிருந்தாலும் பக்கத்தின் மதிப்பு குறையாது.

இதைத் தேடுபொறி எப்படி அறிகிறது என்று கேட்பீர்கள். படித்து ரசித்து அல்ல. ஏறக்குறைய நகலான பக்கங்களை அடையாளம் காண்பது பழைய வித்தை. ஒவ்வொரு பக்கத்தின் உரையையும் சுருக்கி, 64 பிட், அதாவது 64 பூச்சியம்-ஒன்றுகள் கொண்ட ரேகை ஒன்றைப் போட்டு, அதில் மூன்று பிட்டுக்குள் வித்தியாசப்படும் பக்கங்களை ஒரே ஜாதியாகக் கருதும் முறையைக் கூகுள் ஆய்வாளர்கள் 2007இலேயே கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் சொல் மாற்றி எழுதிய நகல் இதில் பெரும்பாலும் தப்பிவிடும். அங்கே வாசகர்களின் நடத்தை கைகொடுக்கிறது. அமெரிக்காவில் கூகுள் மீது நடந்த ஏகபோக வழக்கில் அந்த நிறுவனத்தின் துணைத் தலைவர் பாண்டு நாயக் 2023இல் சாட்சியம் சொன்னார். எந்தத் தேடலுக்கு எந்த முடிவைச் சொடுக்கினார்கள் என்ற 13 மாதப் பதிவை நேவ்பூஸ்ட் என்ற அமைப்பு வரிசைப்படுத்தலுக்குப் பயன்படுத்துகிறது என்பது அதில் வெளிவந்தது.

இதிலேயே உங்கள் ஆதங்கத்துக்கும் பதில் இருக்கிறது. சொடுக்குகள் சேர நாளாகும். புதிதாகக் கொட்டிய பக்கத்துக்கு எதிராகச் சாட்சி சேரும்வரை அது மேலேயே உட்கார்ந்திருக்கும். அதிகம் பேர் தேடாத கேள்விகளில் சாட்சி சேருவதே கடினம், தமிழில் அப்படிப்பட்ட கேள்விகள் ஏராளம். ஆகவே நல்லது எப்போதும் மேலே வரும் என்று நான் சொல்லவே மாட்டேன். தேடுபொறி விரும்புவது ஒன்று, அதற்குக் கைகூடுவது இன்னொன்று.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தளம் நடத்துகிறவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் பக்கங்களின் அறிக்கையைத் திறந்து `Crawled - currently not indexed` என்ற வரியின் கீழ் வரும் முகவரிகளைப் பாருங்கள். கூகுள் வந்து எடுத்துப் போய், பிறகு அட்டவணையில் சேர்க்காமல் விட்ட பக்கங்கள் அவை. தொழில்நுட்பக் காரணமும் இருக்கலாம் என்பதால் ஒன்றிரண்டை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். ஆனால் அங்கே உங்கள் கட்டுரைகள் வரிசையாக இருந்தால், ஒவ்வொன்றையும் அதே தலைப்பில் முதலில் வரும் மூன்று பக்கங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அவற்றில் இல்லாத ஒரு வாக்கியமாவது உங்களுடையதில் இருக்கிறதா என்று கோடு போட்டுப் பாருங்கள். கோடு விழாத கட்டுரைகளில் இரண்டு மூன்றை இணைத்து ஒன்றாக்குங்கள், அல்லது நீங்களே அந்தச் சாதனத்தைத் திறந்து பார்த்துவிட்டுத் திருத்துங்கள். முடிந்தால் அந்தப் பட்டியலை எனக்கும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்