ஃபோனில் 9.2750, படகில் 9° 16.500': எது சரி?

"மதுரையில் இருக்கிறேன். மண்டபத்தில் மச்சானின் படகு. துறைமுகத்துக்கு ஃபோன் 9.2750 என்கிறது, படகின் ஜிபிஎஸ் 9° 16.500' என்கிறது. எது சரி?"

இரண்டும் ஒரே இடம்தான். ஃபோன் காட்டுவது தசம டிகிரி, படகு காட்டுவது டிகிரியும் நிமிடமும். புள்ளிக்குப் பின்னுள்ள 0.2750-ஐ 60-ஆல் பெருக்கினால் 16.5 நிமிடம் வரும்.

ஃபோனின் 9.2750-ஐ அப்படியே 9° 27.500' என்று படகுக் கருவியில் பதிந்துவிடுவதுதான் ஆபத்து. நிமிட இடத்தில் 75 என்று அடித்தால் கருவி ஏற்காது, நிமிடம் 60-ஐத் தொடாதே! 27.5-ஐயோ சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். குறி 11 கடல் மைல் வடக்கே போய்விடும். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர்.

இதை வைத்தே சரிபார்க்கலாம். துறைமுகத்துக்கு நேர் வடக்கே, 9° 22.300'-இல் படகு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 22.3-இல் 16.5 போனால் 5.8 கடல் மைல். ஆறு நாட், அதாவது மணிக்கு ஆறு கடல் மைல் வேகத்தில் 58 நிமிடம். கருவி வேறு தூரம் சொன்னால், பதிந்த எண்ணை மறுபடி பாருங்கள்.

தீர்க்கரேகையையும் இப்படியே மாற்ற வேண்டும். நம் பக்கம் அதன் ஒரு நிமிடம் கடல் மைலுக்குச் சற்றே குறைவு; கரை திரும்பும் கணக்குக்கு அது பொருட்டில்லை. கருவி காட்டும் நேர்கோட்டில் திட்டும் பாறையும் இருக்கலாம், அதை மச்சானே அறிவார்.