ஜிஎஸ்டி கவுன்சிலில் மாநிலங்களுக்கு உண்மையான பலம் உண்டா?

கேள்வி: ஜிஎஸ்டி கவுன்சிலில் எல்லா மாநிலங்களும் ஒன்றுசேர்ந்தால் மத்திய அரசைத் தோற்கடிக்க முடியுமா?

முடியாது, கணக்கே இடம் தராது. அரசியலமைப்பின் 279ஏ பிரிவின்படி, ஒரு முடிவு நிறைவேற, வந்து வாக்களிப்போரின் வாக்கு மதிப்பில் நான்கில் மூன்று பங்கு வேண்டும். மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மீதி, அதாவது 66.7 சதவீதம்தான், 75-ஐ எட்டாது.

ஆனால் தடுக்க முடியும். சட்டமன்றமுள்ள யூனியன் பிரதேசங்களையும் சேர்த்து 31 உறுப்பினர்கள். ஒருவருக்குச் சுமார் 2.15 சதவீதம். எல்லோரும் வாக்களிக்கையில் 12 பேர் எதிர்த்தால், ஆதரவு 74.2-இல் நின்றுவிடும். பதினொருவர் போதாது. நடைமுறையில் வாக்கெடுப்பு மிக அரிது. 2019 டிசம்பரில் லாட்டரி வரிக்காகத்தான் முதன்முறையாக நடந்தது.

இன்னொன்று: கவுன்சிலின் பரிந்துரைகள் சட்டமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனாலும் தனி வழியில் போக எந்த மாநிலமும் தயங்கும். வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்டும் வரியில் கழித்துக்கொள்ள உதவும் உள்ளீட்டு வரி வரவுச் சங்கிலி அறுந்துவிடுமே!