சிங்கப்பூர் டெலிவரி வேலையில் தவறிய ஸ்லாட்டுக்கு சப்போர்ட்டிடம் என்ன எழுதுவது? கேள்வி பதில்

சனிக்கிழமை 11 முதல் 3 மணி ஸ்லாட். காய்ச்சலில் எழுந்திருக்கவே முடியவில்லை. வேலைக்கு வரவில்லை என்று நோ-ஷோ விழுந்துவிட்டது. டாக்டர் கொடுத்த எம்சி இருக்கிறது. என்ன எழுதட்டும் அண்ணே?

முதல் வரியிலேயே தேதி, நேரம், ஏரியா மூன்றும் வரட்டும். அடுத்த வரியில் காரணம், மூன்றாவதில் என்ன வேண்டும் என்பது. "சனிக்கிழமை 11 முதல் 3 வரை, உட்லண்ட்ஸ் ஸ்லாட். காய்ச்சல், அன்றைய எம்சி இணைத்திருக்கிறேன். இந்த நோ-ஷோவை நீக்கி, என் பேட்ச் கணக்கையும் திரும்பப் பார்க்கவும்." இதை அப்படியே ஆங்கிலத்தில் போடுங்கள், போதும். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். நோ-ஷோவை மட்டும் எடுத்துவிட்டு, யாருக்கு ஸ்லாட் முதலில் திறக்கும் என்று தீர்மானிக்கிற பேட்ச் பழைய கணக்கிலேயே நிற்பது உண்டு. அப்புறம் அடுத்த வாரம் நல்ல ஸ்லாட் கண்ணிலேயே படாது.

"ஹெல்ப் மீ பாஸ்" என்று மட்டும் அனுப்பினால் ரெடிமேட் பதில்தான் வரும். கேஸ் நம்பரை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சாட் மூடியபின் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

எதற்கு இவ்வளவு எழுத்து? எம்சி போட்டாலே தானாக எடுத்துவிடுவார்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பாதி சரி. எம்சியில் உள்ள தேதியும் ஸ்லாட் தேதியும் ஒன்றாக இருந்து, அன்று நீங்கள் வேறு எந்த ஆர்டரும் எடுக்கவில்லை என்றால் சரிதான். பகலில் எம்சி, மாலையில் உடம்பு தேவலை என்று 6 மணி ஸ்லாட் ஓட்டினால், அந்த ஆர்டர் எல்லாம் அவர்கள் திரையில் தெரியும். அதற்கப்புறம் எவ்வளவு எழுதினாலும் எடுபடாது. அனுப்புமுன் அடையாள அட்டை எண்ணைக் கொஞ்சம் மறையுங்கள், கடைசி நான்கு எழுத்து போதும்.

எனக்கும் அநியாயம்! ஒரு கஸ்டமர் ஒரு ஸ்டார் கொடுத்துவிட்டார். இதே மாதிரி எழுதலாமா அக்கா?

நான் அக்கா இல்லை, அண்ணன்! அது வேறு கணக்கு தம்பி. ஸ்லாட் விஷயத்தோடு ஒரே சாட்டில் கலந்தால் இரண்டுமே கெடும். தனியாக எழுதுங்கள்.

ஏரியாவில்தான் நின்றேன். ஆப் செக்-இன் எடுக்கவில்லை. ஆதாரம் எதுவும் இல்லையே?

ஸ்லாட் நடந்துகொண்டிருக்கும்போதே சப்போர்ட்டுக்கு ஒரு வரி போட்டீர்களா? அந்த மெசேஜின் நேரமே ஆதாரம். அடுத்த முறை எரர் வந்ததும் கடிகாரமும் மேப்பும் தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். இந்த முறை கேட்டுப் பாருங்கள், உறுதி சொல்ல முடியாது.

ஆர்டர் கொண்டு போகும்போது சைக்கிள் சறுக்கி விழுந்தேன். அடுத்த இரண்டு ஸ்லாட்டும் போய்விட்டது.

இரண்டு கடிதம் எழுதுங்கள். ஸ்லாட்டுக்கு ஒன்று, காயத்துக்குத் தனியாக விபத்து அறிக்கை. 2025 ஜனவரி 1 முதல் டெலிவரி வேலையில் படும் காயத்துக்கும் இழப்பீட்டுச் சட்டம் உண்டு. ஸ்லாட் சாட்டில் "விழுந்துவிட்டேன்" என்று சொன்னதை விபத்து அறிக்கை என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள். பில், எம்சி, அந்த ஆர்டர் எண் மூன்றையும் சேர்த்து வையுங்கள். இழுத்தடித்தால் என்டியுசியின் டெலிவரி சங்கத்திடம் கொண்டு போகலாம்.

கனமழைக்கு?

இடி மின்னல் என்றால் ஸ்லாட் தொடங்குமுன்னே எழுதுங்கள். ஒருவருக்கு நீக்கினார்கள், இன்னொருவருக்கு மறுத்தார்கள். இதில் எனக்கே பிடிபடவில்லை.