ஹீட்ஸில் முதலிடம், ஆனால் மெடல் இல்லையா?

பள்ளி ஓட்டப் பந்தயம் பார்த்த ஒரு பெற்றோரின் கேள்வி: "ஹீட்ஸ்ல பொண்ணு முதல்ல வந்தா, மெடல் தரல. ரிலேல பேட்டன் விழுந்துச்சு, அவுட்டா? ஃபால்ஸ் ஸ்டார்ட்னா என்ன?"

ஹீட் தகுதிச் சுற்றுங்க. எட்டுத் தடம், 24 பேர் என்றால் மூன்று ஹீட். வழக்கமாக ஒவ்வொன்றிலும் முதல் இருவர் இறுதிக்குப் போவார்கள். மீதி இரண்டு இடம் அடுத்த வேகமான நேரக்காரர்களுக்கு. மெடல் இறுதியில்தான்.

ரிலேயில் கைமாற்றும் குச்சியான பேட்டன் விழுந்தாலே அவுட் இல்லை. நழுவவிட்டவரே எடுக்க வேண்டும், யாரையும் மறிக்காமல். பிள்ளைகள் சிக்குவது பெரும்பாலும் கைமாற்றும் இடத்தில்: 4×100 ஓட்டத்தில் அது 30 மீட்டர். பேட்டன் அந்த 30 மீட்டருக்குள் கைமாறியதா என்றுதான் நடுவர் பார்ப்பார். கால் எங்கே இருந்தது என்பது கணக்கில்லை.

துப்பாக்கிச் சத்தத்துக்கு முன்பே கிளம்பினால் ஃபால்ஸ் ஸ்டார்ட். சர்வதேசப் போட்டியில் 2010 முதல் ஒரே தடவையில் வெளியேற்றம். பள்ளியில் எச்சரிக்கை உண்டா என்று முன்பே பி.டி. சாரிடம் கேளுங்கள்.